தவறினால் தீராத ஒரு பகல்

"ஹஜ்ஜுக்குப் போய்விட்டு, ஹஜ் செய்யாமல் திரும்பி வர முடியுமா?" என்று கேட்கிறார் மௌலானா. மாலேகாவில், விசைத்தறிகளின் இரைச்சல் எட்டும் தூரத்தில் இருக்கும் அந்தக் கல்யாண மண்டபத்தில் பதில் சொல்ல ஆளில்லை. இருநூறு பேர் இருப்பார்கள். பாதிப் பேருக்கு மேல் அறுபது வயதைத் தாண்டியவர்கள். மேடையில் மரச்சட்டத்தின் மேல் கறுப்புத் துணி போர்த்திய கஃபாவின் மாதிரி ஒன்று நிற்கிறது.

"முடியும்" என்று அவரே பதிலும் சொல்கிறார். "மக்காவில் நாற்பது நாள் தங்கியிருங்கள். கஃபாவை நூறு தடவை சுற்றுங்கள். ஒன்பதாம் தேதி அரஃபாவில் மட்டும் இல்லாமல் போனால் நீங்கள் ஹாஜி இல்லை. லட்சக்கணக்கில் கட்டிய பணம் போனது. அடுத்த வருஷம் மறுபடி வர வேண்டும்."

மண்டபத்தில் சலசலப்பு. பலருக்கு இது புதுச் செய்தி. ஹஜ் என்றதும் கண்முன் நிற்பது கஃபாதான். காலண்டர்களிலும் வரவேற்பறைச் சுவர்களிலும் தொங்குவது அந்தப் படம்தான். ஆனால் ஹஜ்ஜின் உயிர் இருக்கும் இடம் மக்காவுக்குக் கிழக்கே ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தள்ளி, வருஷத்தில் ஒரு நாள் மட்டும் நிரம்பும் ஒரு வெட்டவெளி. அரஃபாவே ஹஜ் என்று நபிமொழி இருக்கிறது. இஸ்லாமிய மாதமான துல்ஹஜ் 9ஆம் தேதி நண்பகல் சாய்ந்ததிலிருந்து மறுநாள் வைகறை வரைக்குள் ஒரு கண நேரமாவது அங்கே இருந்தாக வேண்டும். இதற்குப் பரிகாரம் கிடையாது.

மற்றவற்றில் பலவற்றுக்குப் பரிகாரம் உண்டு. பயிற்சி முகாம்களில் சொல்லித் தருவதில் பெரும்பகுதி இந்தக் கணக்குதான். வட இந்திய முஸ்லிம்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஹனஃபி சட்டப்படி ஹஜ்ஜில் விடவே முடியாத கடமைகள், அதாவது ஃபர்ளுகள், மூன்று: இஹ்ராம் என்ற புனிதநிலைக்குள் நுழைவது, அரஃபாவில் நிற்பது, அதன் பிறகு கஃபாவைச் சுற்றும் தவாஃபே ஜியாரத். இதற்கு அடுத்த படியில் உள்ளவை வாஜிபுகள். தக்க காரணமில்லாமல் வாஜிபு ஒன்று விடுபட்டால் 'தம்' கொடுக்க வேண்டும். மக்காவின் புனித எல்லைக்குள் ஓர் ஆட்டை அறுத்து ஏழைகளுக்குக் கொடுப்பதே தம். கொடுத்தவர் அந்த இறைச்சியைத் தொடக்கூடாது. எது போனால் ஆடு, எது போனால் ஹஜ்ஜே போச்சு என்று தெரிந்துகொள்வதற்குத்தான் கிழவர்கள் நோட்டுப் புத்தகத்தோடு வந்து உட்கார்ந்திருக்கிறார்கள்.

முன்வரிசையில் ஒருவருக்கு 64 வயது. நான்கு விசைத்தறிகள் வைத்திருந்தவர், இரண்டை விற்றுவிட்டார். ஹஜ் கமிட்டி வழியாகப் போனாலும் தலைக்கு மூன்று லட்சம் ரூபாய்க்கு மேல் ஆகிறது. மனைவியும் கூட வருகிறார். குலுக்கலில் பெயர் வந்த அன்றே நூல் வியாபாரியிடம் போய்ப் பழைய பாக்கியைத் தீர்த்தாராம். கடன்காரன் ஹஜ்ஜுக்குப் போகலாமா என்பது முகாமில் அடிக்கடி எழும் கேள்வி. தவணை வராத கடன் தடையில்லை, ஆனால் தவணை கடந்துபோன கடனை வைத்துக்கொண்டு, கொடுத்தவர் சம்மதம் இல்லாமல் புறப்படுவது முறையல்ல என்கிறார் மௌலானா. மீதமுள்ள கடன்கள் எழுத்தில் இருக்க வேண்டும், உயில் எழுதப்பட வேண்டும், திரும்பி வரும் வரை வீட்டில் இருப்பவர்களின் செலவுக்கு வைத்துவிட்டுப் போக வேண்டும்.

தறிக்காரருக்குப் பணம் சிரமமாக இருக்கவில்லை. தம்பிதான் சிரமம். பாகப்பிரிவினையில் ஒரு சுவர் யாருக்கு என்ற தகராறில் ஒன்பது வருஷமாகப் பேச்சில்லை. இறைவனுக்குச் செய்ய வேண்டியதில் விட்ட குறையை இறைவன் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்த தீங்கை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்பது இஸ்லாத்தின் நிலை. எனவே புறப்படும் முன் வீடு வீடாகப் போய் மன்னிப்புக் கேட்பது நாடு முழுக்க உள்ள வழக்கம். பல ஊர்களில் இது சடங்காகிவிட்டது என்பதும் உண்மை. மாலை போட்டு, பிரியாணி போட்டு, எல்லாரிடமும் மொத்தமாக மன்னிப்பு வாங்கிக்கொண்டு, உண்மையிலேயே மனஸ்தாபம் உள்ள ஒரே ஒரு வீட்டை மட்டும் விட்டுவிடுவார்கள். இவர் போயிருக்கிறார். "தம்பி கதவைத் திறந்தான். உள்ளே வா என்று சொல்லவில்லை. நான் வாசலிலேயே நின்று சொல்லிவிட்டேன். சுவரை நீயே வைத்துக்கொள் என்றேன்" என்கிறார். தம்பி என்ன சொன்னார்? "யோசிக்கிறேன் என்றான்." அவர் மனைவி குறுக்கிட்டு, "மறுநாள் தம்பி சம்சாரம் பேரீச்சம்பழம் கொடுத்தனுப்பினாள்" என்கிறார்.

முகாமில் அடுத்து வருவது துணி. ஆண்களுக்குத் தைக்காத இரண்டு வெள்ளைத் துண்டுகள். ஒன்று இடுப்பில், ஒன்று தோளில். தலை திறந்திருக்க வேண்டும். பெண்கள் வழக்கமான உடையில் இருக்கலாம், முகத்தில் துணி படக்கூடாது. துணி மட்டுமே இஹ்ராம் ஆகிவிடாது. நிய்யத் என்ற எண்ணத்தை மனதில் கொண்டு, 'வந்துவிட்டேன்' என்று இறைவனுக்குப் பதில் சொல்லும் தல்பியா முழக்கத்தைச் சொன்ன பிறகுதான் ஒருவர் இஹ்ராமுக்குள் வருகிறார். அதன் பின் முடி, நகம் வெட்டக்கூடாது. நறுமணம் கூடாது. வேட்டை கூடாது, தாம்பத்தியம் கூடாது, சண்டை கூடாது. ராஜாவும் ரிக்‌ஷாக்காரரும் ஒன்றாகிறார்கள் என்று இதற்கு வழக்கமாக விளக்கம் சொல்வார்கள். அது சரிதான். ஆனால் துணி விரித்துக் காட்டப்படும்போது அந்த வயதானவர்களுக்கு முதலில் நினைவுக்கு வருவது கஃபன், அதாவது சவத்துணி. அதுவும் தைக்காத வெள்ளைத் துணிதான்.

இந்தத் துணியில்தான் முதல் தவறும் காத்திருக்கிறது. மக்காவைச் சுற்றி மீக்காத் என்று சில எல்லைகள் உண்டு. அதை இஹ்ராம் இல்லாமல் தாண்டக்கூடாது. 1995 வரை மும்பையிலிருந்து கப்பலில் போனவர்களுக்கு எல்லை வருவதற்குள் தயாராக நிறைய நேரம் இருந்தது. விமானமோ ஜித்தாவில் இறங்குவதற்கு முன்பே, ஆகாயத்திலேயே எல்லையைத் தாண்டிவிடுகிறது. துணியைப் பெரிய பெட்டியில் வைத்து விமானத்தின் அடிவயிற்றுக்கு அனுப்பிவிட்டு மேலே தவிப்பவர்கள் ஒவ்வோர் ஆண்டும் உண்டு. அதனால் ஜித்தாவுக்கு நேரே போகிறவர்கள் மும்பையிலேயே உடுத்திக்கொள்ள வேண்டும். முதலில் மதீனாவுக்குப் போகும் விமானமானால் அவசரமில்லை. அங்கிருந்து மக்கா போகும் வழியில், துல்ஹுலைஃபாவில் உடுத்தினால் போதும். உங்கள் விமானம் எங்கே இறங்குகிறது என்று முதலில் பாருங்கள் என்பதுதான் மௌலானாவின் அறிவுரை. இன்னொரு எச்சரிக்கை: விமானப் பணிப்பெண் அன்போடு நீட்டும் ஈரக் கைத்துடைப்பானில் வாசனை இருக்கும். வாங்கி முகத்தைத் துடைக்க வேண்டாம்.

இந்தியர்களில் மிகுதியானோர் செய்வது தமத்துஉ என்ற முறை. மக்கா போனதும் உம்ராவை முடித்து இஹ்ராமிலிருந்து வெளியே வந்துவிடுவார்கள். ஹஜ்ஜுக்காக 8ஆம் தேதி தங்கியிருக்கும் அறையிலேயே மறுபடி உடுத்துவார்கள். உம்ரா என்பது கஃபாவைச் சுற்றுவதும், ஸஃபா - மர்வா குன்றுகளுக்கு இடையே நடப்பதும், முடி களைவதும்தான். மேடையில் மர மாதிரியைச் சுற்றிப் பத்துப் பத்துப் பேராக நடந்து பழகுகிறார்கள். கறுப்புக் கல் பதித்த மூலையில் தொடங்கி, கஃபா எப்போதும் இடது தோள் பக்கம் இருக்க, ஏழு சுற்று. கல்லை முத்தமிட முண்டியடிக்க வேண்டியதில்லை, தூரத்திலிருந்து கையை உயர்த்தினால் போதும். நீ வெறும் கல், உன்னால் நன்மையும் இல்லை தீமையும் இல்லை, நபி முத்தமிட்டதைப் பார்த்ததால்தான் நானும் முத்தமிடுகிறேன் என்ற பொருளில் கலீஃபா உமர் பேசியது ஹதீஸ் தொகுப்புகளில் பதிவாகியிருக்கிறது. கல்லை வணங்குவதாக நினைக்கும் வெளியாருக்கும், முத்தமிடாவிட்டால் ஹஜ் குறைந்துவிடும் என்று நினைக்கும் உள்ளாருக்கும் அதில் பதில் இருக்கிறது.

சுற்றும்போது கவனிக்க வேண்டியது ஹதீம். கஃபாவின் ஒரு பக்கத்தில் அரைவட்டமாக உள்ள தாழ்வான சுவர் அது. அந்தச் சுவருக்குள் இருக்கும் இடமும் கஃபாவைச் சேர்ந்ததாகவே கருதப்படுகிறது. குறுக்கு வழி என்று அதற்குள் புகுந்து போனால் அந்தச் சுற்று கணக்கில் சேராது.

ஸஃபா - மர்வா நடை ஒரு தாயின் கதை. பாலையில் கைக்குழந்தை இஸ்மாயீலுடன் விடப்பட்ட ஹாஜர், தண்ணீர் தேடி இரு குன்றுகளுக்கும் இடையே ஏழு முறை ஓடினார். கடைசியில் குழந்தையின் அருகிலேயே ஸம்ஸம் ஊற்று பொங்கியது. ஆப்ரஹாமை அறிந்த எந்த மதத்தாரும் ஹாஜரை அறிவார்கள். ஆனால் அவருடைய பதற்றத்தை நடந்து காட்டுவது கோடிக்கணக்கானவர்களுக்கு வாழ்நாள் கடமையாக இருப்பது இங்கேதான். இன்று அந்த வழி குளிரூட்டப்பட்ட பளிங்கு நடைகூடம். மொத்தம் மூன்று கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடக்குறைய இருக்கும். இதில் எண்ணிக்கை பிசகுவது சகஜம். ஸஃபாவிலிருந்து மர்வாவுக்குப் போனால் ஒன்று, திரும்பி வந்தால் இரண்டு. போய்வந்தால்தான் ஒன்று என்று நினைத்துப் பதினான்கு நடக்கிறவர்கள் உண்டு. கண்டுபிடிக்க எளிய வழி: ஏழாவது நடை மர்வாவில்தான் முடியும். ஸஃபாவில் முடித்தால் கணக்கு தவறு.

தறிக்காரரின் மனைவிக்கு முழங்கால் வலி. நடக்க முடியாதவர் சக்கர நாற்காலியில் தவாஃபும் ஸஃயும் செய்யத் தடையில்லை. ஆனால் மூன்று மாதமாக அவர் தினமும் மாலை தொழுகைக்குப் பின் மொட்டைமாடியில் நடந்து பழகி, இப்போது ஒரே மூச்சில் நாற்பது நிமிடம் நடக்கிறார். வாங்கிய புதுச் செருப்பை வீட்டிலேயே போட்டுப் பழக்கியிருக்கிறார். அங்கே போய்ப் புதுச் செருப்பைக் கடிக்கவிடுவது பலர் செய்யும் தவறு. சர்க்கரை நோய்க்காரருக்கு ஒரு கொப்புளம் போதும், பிறகு வரும் நாட்களெல்லாம் தொல்லைதான்.

8ஆம் தேதி மக்காவை விட்டு மினாவின் கூடாரங்களுக்குப் போகிறார்கள். 9ஆம் தேதி அரஃபா. இங்கே சடங்கு என்று ஏதுமில்லை. சுற்றவோ ஓடவோ எறியவோ எதுவும் கிடையாது. நண்பகல் தொழுகைக்குப் பின் சூரியன் மறையும் வரை நிற்பது, முடியாதவர் உட்கார்வது, இறைவனிடம் கேட்பது. அவ்வளவுதான். மறுமை நாளில் மனிதகுலம் முழுவதும் கணக்குக் கொடுக்க ஒரு வெளியில் திரட்டப்படும் என்பது நம்பிக்கை. அதற்கு இது ஒத்திகை. நபிகள் நாயகம் தமது ஒரே ஹஜ்ஜின்போது, 632ஆம் ஆண்டில், கடைசிப் பேருரையை நிகழ்த்தியதும் இங்கேதான்.

ஒரு கண நேரம் போதும் என்ற விதியின் கருணையை அன்றைக்கு நேரில் பார்க்கலாம். மருத்துவமனைகளில் கிடக்கும் யாத்ரிகர்களைச் சவூதி சுகாதாரத் துறை ஆம்புலன்ஸ் வண்டிகளில் வரிசையாக ஏற்றி அரஃபாவுக்குக் கொண்டுவருகிறது. வண்டி எல்லைக்குள் நின்றால் படுத்திருப்பவர் ஹஜ்ஜைப் பெற்றுவிடுகிறார். தூங்கிக்கொண்டிருந்தாலும் செல்லும் என்கிறது ஹனஃபி சட்டம்.

ஆனால் நன்றாக நடமாடுகிறவர் தவறவிட முடியும். எல்லையைத் தெரியாமல் வெளியே உட்கார்ந்துவிடுவதுதான் அந்த ஆபத்து. அங்குள்ள நமிரா பள்ளிவாசலின் முன்பகுதி அரஃபாவுக்கு வெளியே இருக்கிறது, பின்பகுதிதான் உள்ளே. முன்வரிசையில் இடம் பிடித்த மகிழ்ச்சியில் மாலை வரை அங்கேயே இருந்துவிட்டுப் புறப்படுகிறவருக்கு அரஃபா கிடைக்கவில்லை. எல்லை நெடுக மஞ்சள் பலகைகள் இருக்கின்றன, பள்ளிவாசலுக்குள்ளும் அறிவிப்பு இருக்கிறது. கூடாரத்தில் இருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ரஹ்மத் மலை என்ற சிறு குன்றில் ஏறியாக வேண்டும் என்பதும் தவறான எண்ணம்.

வெயிலும் ஓர் ஆபத்து. சந்திர மாதக் கணக்கு என்பதால் ஹஜ் ஆண்டுதோறும் பத்துப் பதினொரு நாள் முன்னால் நகர்கிறது. 2024ஆம் ஆண்டு ஜூன் மாத நடுவில் வந்தது. மக்காவில் வெப்பம் 51 டிகிரியைத் தாண்டியது. 1,301 பேர் இறந்ததாகச் சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் பெரும்பாலோர் முறையான அனுமதியின்றி வந்து, கூடாரமும் வண்டியும் இல்லாமல் வெயிலில் நடந்தவர்கள். அந்த ஆண்டு இந்தியர் 98 பேர் காலமானதாக வெளியுறவு அமைச்சகம் தெரிவித்தது. ஆண்களுக்குத் தலையை மூடத் தடை உண்டே தவிர குடைக்குத் தடையில்லை. வாசனையில்லாத வெள்ளைக் குடை ஒன்றும், உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலங்களும் எடுத்துக்கொள்ளுங்கள் என்று மௌலானா சொல்ல, குடைக்கு வாசனை ஏது என்று ஒருவர் கேட்கிறார். மண்டபம் சிரிக்கிறது. "மாலேகாவ்காரன் அதற்கும் அத்தர் பூசுவான்" என்கிறார் மௌலானா.

சூரியன் மறைந்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில் கிளம்புகிறார்கள். மறைவதற்கு முன் எல்லையைத் தாண்டினால் தம். மாலைத் தொழுகையை அங்கே தொழக்கூடாது. முஸ்தலிஃபா போய்ச் சேர்ந்த பிறகே, இரவுத் தொழுகையோடு சேர்த்துத் தொழ வேண்டும். நேரம் தவறாமல் தொழுது பழகியவர்களுக்கு, நேரம் கடந்து தொழுவதே அன்றைக்குக் கடமை. கட்டளைதான் முக்கியம், பழக்கம் இல்லை என்று இதற்கு மௌலானா பொருள் சொல்கிறார். திறந்த வெளியில் இரவு கழிகிறது. கொண்டைக்கடலை அளவில் கற்களைப் பொறுக்கிக்கொள்கிறார்கள்.

அந்தக் கற்கள் மினாவின் ஜம்ராக்களுக்கு. மகனைப் பலியிடச் சென்ற இப்ராஹீமை ஷைத்தான் தடுக்க முயன்றபோது அவர் கல்லெறிந்து விரட்டியதன் நினைவு. 10ஆம் தேதி பெரிய ஜம்ராவில் மட்டும் ஏழு, அடுத்த இரண்டு நாளும் மூன்றிலும் ஏழேழு. ஆக 49. ஒரு பிடியாக ஏழையும் வீசினால் ஒன்றாகத்தான் கணக்கு. கல் தொட்டிக்குள் விழுந்தால் போதும், சுவரில் பட வேண்டியதில்லை. உள்ளே ஷைத்தான் இருப்பதாக எண்ணிச் செருப்பை வீசுகிறவர்களின் கோபம் அர்த்தமற்றது. 2006ஆம் ஆண்டு ஜனவரியில் இங்கே நெரிசலில் 346 பேர் இறந்தார்கள். அதன்பின் பல அடுக்குப் பாலம் கட்டினார்கள். 2015இல் பாலத்துக்கு வரும் தெருவிலேயே பேரழிவு நேர்ந்தது. அதனால்தான் கூடாரக் குழுவுக்குக் குறித்த நேரத்தில்தான் போக வேண்டும் என்ற வலியுறுத்தல். நோயாளிக்காக வேறொருவர் எறியலாம்.

கல்லெறிந்த பின் குர்பானி, அதன் பின் தலைமுடி. இந்த வரிசை வாஜிபு என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. முன்பு ஆட்டைத் தானே அறுத்தவருக்கு இது எளிது. இன்று பணம் கட்டிச் சீட்டு வாங்குகிறார்கள், எங்கோ இறைச்சிக்கூடத்தில் அறுக்கிறார்கள். தன் ஆடு எப்போது அறுபட்டது என்று தெரியாமல் எப்படித் தலை மழிப்பது? தறிக்காரரின் கேள்வி இதுதான். அபூஹனீஃபாவின் மாணவர்களான அபூயூசுஃபும் முஹம்மதும் இந்த வரிசை கட்டாயமில்லை, சுன்னத்துதான் என்று சொல்லியிருக்கிறார்கள், நெருக்கடியில் அதைப் பின்பற்றலாம் என்கிறார் மௌலானா. பின்வரிசையில் ஒரு பெரியவருக்கு இதில் திருப்தியில்லை. "நேரம் தெரிந்த பிறகே மழிப்பேன்" என்கிறார். "காத்திருங்கள் சச்சா, நல்லதுதான். அதுவரை இஹ்ராமில் இருங்கள்" என்று பதில் வருகிறது.

பெண்கள் பகுதியிலிருந்து ஒரு துண்டுச் சீட்டு வருகிறது. பெயரில்லை. அரஃபாவில் நிற்க மாதவிலக்கு தடையில்லை, கல்லெறியவும் தடையில்லை. தவாஃப் மட்டும் கூடாது. 10ஆம் தேதிக்குப் பின் செய்ய வேண்டிய தவாஃபே ஜியாரத் தலையாய கடமை. அது முடியும் வரை கணவன் மனைவி உறவும் கூடாது. விலக்கு வந்துவிட்டது, விமானத்துக்கு இரண்டே நாள் என்றால்? தாமதமானால் அதற்காகத் தம் இல்லை, தூய்மையான பின் செய்யலாம், பயணத் தேதியை மாற்ற முதலில் முயலுங்கள் என்கிறார் மௌலானா. எந்த வழியுமே இல்லாமல் அந்த நிலையிலேயே செய்துவிட்டால் கடமை நிறைவேறும், ஆனால் பரிகாரம் ஆடு இல்லை, ஒட்டகம் அல்லது மாடு. விலக்கைத் தள்ளிப்போடும் மாத்திரையை மருத்துவரைக் கேட்டுச் சாப்பிடலாம். புறப்படுவதற்கு முந்தின வாரம் கேட்கக்கூடாது, சில மாதங்கள் முன்பே கேட்க வேண்டும்.

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடலோர ஊர்களிலிருந்து போகும் தமிழர்களுக்கு இந்தக் கணக்கு சற்று மாறும். அவர்கள் ஷாஃபிஈ சட்டத்தவர். அதில் ஸஃபா - மர்வா நடையும் முடி களைதலும் விட முடியாத தூண்கள், ஆடு கொடுத்து ஈடுகட்ட முடியாது. மேலும் அந்நிய ஆணும் பெண்ணும் தோல்படத் தொட்டால் வுளு என்ற தூய்மை முறிந்துவிடும். வுளு இல்லாமல் தவாஃப் இல்லை. ஆணும் பெண்ணும் நெருக்கியடிக்கும் கூட்டத்தில் ஏழு சுற்றுக்குள் எத்தனை தடவை வுளு செய்வது? அதனால் தவாஃபுக்கு மட்டும் ஹனஃபி கருத்தை எடுத்துக்கொள்ளும்படி அவர்களுடைய உலமாக்களே வழிகாட்டுவது உண்டு. மாலேகாவ் வகுப்பில் இந்தக் கேள்வி எழவே இல்லை.

கடைசியாக விடைபெறும் தவாஃப். மக்காவை விட்டுக் கிளம்பும் முன் கஃபாவை ஒருமுறை சுற்றிவிட்டு வர வேண்டும். அப்போது விலக்கில் இருக்கும் பெண்ணுக்கு இது முழுக்க விலக்கப்படுகிறது, பரிகாரமும் இல்லை. இதை முடித்த பிறகு கடைத்தெருவில் சுற்றிக்கொண்டிருக்கக் கூடாது என்று சொல்லிவிட்டு, மௌலானா சாமான் பட்டியலுக்குப் போகிறார். தறிக்காரர் இரண்டு ஜோடி இஹ்ராம் துணி எழுதிக்கொள்கிறார். ஒன்றை ஸம்ஸம் தண்ணீரில் நனைத்து உலர்த்தித் திரும்பக் கொண்டுவந்து, பெட்டியின் அடியில் வைத்துக்கொள்ளப் போகிறாராம். எதற்கு என்று அவர் மனைவியும் கேட்கவில்லை.